மூன்றாம் மாடிச் சிலிண்டரின் லேபிள்

(தீத்தொண்டு வாரத்தை ஒட்டி மண்டைக்காட்டில் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு என் கைப்பேசிக்கு ஒரு போட்டோ வந்தது. உங்கள் சங்கத்தின் பொருளாளர் தம்பி அனுப்பியது. பல வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மூன்றாம் மாடிப் படிக்கட்டுப் பக்கம் சுவரில் தொங்கும் சிவப்பு ஃபயர் சிலிண்டரின் லேபிளைப் படம் எடுத்திருந்தார். பின்னாலேயே போனும் வந்தது. "அண்ணாச்சி, இதுல ஏ, பி, சின்னு மூணு எழுத்து போட்டிருக்கு. சின்னா கரண்டு தீக்குள்ளதாக்கும்னு என் மகன் அமெரிக்காவிலிருந்து சொல்லுதான். கரண்டுக்கு ஒண்ணு இருக்கு, சரி. அப்போ கேஸுக்கு வேற ஒண்ணு வாங்கணுமா?" என்று கேட்டார்.

நாகர்கோவிலில் இந்தச் சிலிண்டர்களைச் சோதித்து, பொடி நிரப்பி, மாட்டிக் கொடுக்கும் வேலையில் எனக்கு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இவ்வளவு சரியான சந்தேகத்தை என்னிடம் கேட்டவர்கள் குறைவு. போனிலேயே பதில் சொன்னேன். ஆனால் அது அந்தத் தம்பி ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டிய பதில் இல்லை என்பதால், அதே போட்டோவைப் பெரிதாக அச்சடித்து இங்கே கொண்டு வந்திருக்கிறேன். இன்றைக்கு இந்த ஒரு லேபிளைத்தான் நாம் படிக்கப் போகிறோம்.

முதலில் எழுத்துகள். தீ எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். எரியும் பொருள் எது என்பதை வைத்து அதை வகை பிரித்திருக்கிறார்கள். ஏ என்றால் மரம், துணி, காகிதம், ஓலை, மெத்தை மாதிரி எரிந்து கங்காகிற திடப்பொருள். பி என்றால் பெட்ரோல், மண்ணெண்ணெய், பெயின்ட், தின்னர் போன்ற திரவம். சி என்றால் வாயு. நம் வீட்டு அடுப்புக்கு வருகிற கேஸ் அதில்தான் சேரும். டி என்று உலோகத் தீக்கு ஓர் எழுத்து உண்டு. மெக்னீசியம் தூள் வைத்து வேலை செய்கிற தொழிற்சாலைக்கு அது வேண்டும், நமக்கு வேண்டாம்.

ஏ வகைத் தீ எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை. 2021 ஜூன் 2-ஆம் தேதி காலையில் நம் பகவதி அம்மன் கோவில் கருவறையின் மேற்கூரையில் தீப்பிடித்ததை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். கூரைத் தீயின் குணம் என்னவென்றால், மேலே சுவாலை அடங்கின பிறகும் உள்ளுக்குள்ளே கங்கு கிடக்கும். காற்றுப் பட்டால் திரும்பவும் பிடிக்கும். அதனால்தான் மரத் தீக்குத் தண்ணீரை ஊற்றி, உள்சூடு போகிற வரைக்கும் நனைக்கிறார்கள். நம் சிலிண்டரில் இருப்பது தண்ணீர் இல்லை, பொடி. லேபிளில் அதன் பெயர் மோனோ அம்மோனியம் ஃபாஸ்பேட் என்று இருக்கும், எம்.ஏ.பி. என்று சுருக்கி, பக்கத்தில் எத்தனை சதவீதம் என்றும் போட்டிருப்பார்கள். இந்தப் பொடி சூட்டில் உருகி, கங்கின் மேல் கண்ணாடிப் பூச்சு மாதிரி படிந்து, காற்றை மறைக்கும். அந்தக் குணத்தால்தான் இதற்கு ஏ எழுத்து கிடைத்தது. சோடாப் பொடி நிரப்பிய பழைய சிலிண்டர்கள் அப்படிப் படியாது. அவற்றில் பி, சி மட்டும்தான் இருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், மெத்தையோ விறகுக் கட்டோ எரிந்தால் பொடி அடித்து அடங்கின பிறகும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பாருங்கள். பூச்சுக்குக் கீழே கங்கு உயிரோடு இருக்கும்.

இனி அந்த சி எழுத்துக்கு வருகிறேன். தம்பியின் மகன் சொன்னது பொய் இல்லை. அமெரிக்காவில் சி என்றால் கரண்டு இருக்கும் சாதனத்தில் பிடிக்கும் தீதான். அங்கே வாயுத் தீயைத் திரவத்தோடு சேர்த்து பி-யில் வைத்துவிட்டார்கள். சமையல் எண்ணெய்க்கு கே என்று தனி எழுத்து கொடுத்தார்கள். நம் நாடும் ஐரோப்பாவும் வேறு முறையில் போகின்றன. இங்கே சி வாயுவுக்கு. எண்ணெய்ச் சட்டித் தீக்கு ஐரோப்பாவில் எஃப். கரண்டுக்கு எழுத்தே கிடையாது. ஏன் கிடையாது என்றால், மின்சாரம் எரிகிற பொருள் இல்லை. அது தீ மூட்டிவிடும். எரிவது ஒயரின் மேலுள்ள பிளாஸ்டிக்கும் மரப் பலகையும்தான். மெயினை அணைத்துவிட்டால் அது வெறும் ஏ வகைத் தீ.

யூடியூபில் நீங்கள் பார்க்கிற விளக்கப் படங்களில் பாதி அமெரிக்காவில் எடுத்தவை. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் அங்கே இரண்டு முறைகளின் லேபிளையும் பார்த்திருப்பீர்கள். ஆகவே எழுத்தை மட்டும் நம்பினால் குழப்பம் வரும். எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும், அதைப் பாருங்கள். சி பக்கத்தில் பிளக்கும் ஒயரும் வரைந்திருந்தால் அது அமெரிக்க முறை. சுவாலையோடு கேஸ் பர்னரோ, கேஸ் சிலிண்டரோ வரைந்திருந்தால் நம் முறை. போட்டோவை இப்படிக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். ஏ பக்கத்தில் விறகுக்கட்டை, பி பக்கத்தில் எண்ணெய் கேன், சி பக்கத்தில் பர்னர். தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இந்தக் கட்டைவிரல் அகலப் படத்தில் இருக்கிறது. இந்தச் சிலிண்டர் கேஸுக்கும் ஆகும். புதிதாக வாங்க வேண்டாம்.

அப்படியானால் கரண்டுத் தீக்கு இது ஆகுமா? அதற்கு எழுத்துகளை விட்டுவிட்டுக் கீழே வாருங்கள். பொடி எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது. மின் இணைப்புள்ள சாதனங்களில் 1000 வோல்ட் வரை, 1 மீட்டர் தூரம் தள்ளி நின்று பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. இந்த வரி இருந்தால் ஆகும். நம் வீட்டில் வருவது 230 வோல்ட். லிப்டுக்கும் மோட்டாருக்கும் வருகிற மூன்று பேஸ் கரண்டு நானூறுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டும் ஆயிரத்துக்குள் அடங்கும். ஆனால் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஓடுவது 11,000 வோல்ட். அதில் தீப்பிடித்தால் இந்தச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடக் கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். அதோடு, தண்ணீரோ நுரையோ நிரப்பிய சிலிண்டரில் இந்த வரி இல்லாமலிருந்தால், கரண்டு இருக்கும் இடத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

உங்கள் லிப்ட் அறையில் ஒரு கறுப்புக் கூம்பு வைத்த சிலிண்டர் இருக்கிறதே, அது கார்பன் டை ஆக்சைடு. மீட்டர் பலகைக்கும் இன்வெர்ட்டருக்கும் அதுதான் நல்லது. பொடி அடித்தால் தீ அணையும். ஆனால் அந்தப் பொடி ஈரத்தை இழுத்துச் செம்பையும் சர்க்யூட் போர்டையும் அரித்துவிடும். நம் கடற்காற்றில் இன்னும் சீக்கிரம். கார்பன் டை ஆக்சைடு ஒன்றும் மிச்சம் வைக்காமல் போய்விடும். அதில் அமெரிக்க அர்த்தத்தைத் தேடுகிறவர், சி எழுத்து இல்லையே, கரண்டுக்கு ஆகாது என்று நினைத்து அதை விட்டுவிட்டுப் போகக்கூடும். எழுத்தைத் தவறாகப் படிப்பதால் வருகிற நஷ்டம் இப்படியும் இருக்கிறது. அடிக்கும்போது அந்தக் கூம்பைக் கையால் பிடிக்காதீர்கள். உள்ளிருந்து வருகிற வாயு மைனஸ் 78 டிகிரிக் குளிர். தோல் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். சின்ன அறையில் அடித்தால் உடனே வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். தீக்குக் காற்றை மறைப்பது உங்களுக்கும் மறைக்கும்.

இப்போது சி எழுத்தின் உண்மையான அர்த்தத்துக்கு, கேஸ் தீக்கு, வருகிறேன். இதற்குத்தான் அதிக நேரம் எடுக்கப் போகிறேன். ஏனென்றால் லேபிளில் சி என்று போட்டிருப்பது, அணைக்க முடியும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. எப்போது அணைக்கலாம், எப்போது அணைக்கக் கூடாது என்பது அங்கே இல்லை.

ஒரு சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு மேடைக்குக் கீழே 14.2 கிலோ கேஸ் சிலிண்டர். ரெகுலேட்டரிலிருந்து அடுப்புக்குப் போகிற ஆரஞ்சு நிறக் குழாய் பழசாகி வெடித்து, அந்த வெடிப்பில் தீ நாக்கு நீட்டி எரிகிறது. வீட்டுக்காரர் பதறிப்போய் மூன்றாம் மாடிச் சிலிண்டரைக் கொண்டுவந்து பொடி அடிக்கிறார். இரண்டே வினாடியில் தீ காணாமல் போகிறது. எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். ஆனால் ரெகுலேட்டர் திறந்தே இருக்கிறது. கேஸ் அதே வேகத்தில் வந்துகொண்டே இருக்கிறது. கேஸ் காற்றைவிடக் கனம். மேலே ஏறி ஜன்னல் வழியாகப் போகாது. தரையோடு தரையாகப் படர்ந்து, அடுத்த அறைக்கும் படிக்கட்டுக்கும் இறங்கும். அறைக் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பூஜை அறை விளக்கு ஒன்று போதும், பிரிஜ் உள்ளே தானாகப் போட்டுக்கொள்கிற சுவிட்ச் ஒன்று போதும். முன்னே குழாய் முனையில் எரிந்த தீ, இப்போது அறை முழுவதுமாக எரியும். எரிகிற கேஸைவிட எரியாமல் கசிகிற கேஸ் ஆபத்து என்று தீயணைப்பு வீரர்கள் பயிற்சி தரும்போதெல்லாம் சொல்வது இதனால்தான்.

ஆகவே கேஸ் தீயில் முதல் வேலை அணைப்பது இல்லை, மூடுவது. கை எட்டினால் ரெகுலேட்டரின் திருகை ஆஃப் பக்கம் திருப்புங்கள். வருகிற கேஸ் நின்றால் தீ தானே செத்துப்போகும், பொடியே வேண்டாம். தீ குழாயில் எரிகிற போது பெரும்பாலும் ரெகுலேட்டர் கைக்கு எட்டும். தீ ரெகுலேட்டரிலேயே எரிந்தால் எட்டாது. அப்போதுதான் பொடியின் வேலை. ஒருவர் பொடியை அடிக்க, சுவாலை மறைகிற அந்த நொடியில் இன்னொருவர் குனிந்து ரெகுலேட்டரை மூட வேண்டும். இரண்டு பேர் இருந்தால்தான் இது நடக்கும். ஈரச் சாக்கைச் சிலிண்டர் தலைமேல் போட்டு அமுக்கி, அதற்கு அடியில் கையை விட்டு மூடுகிற முறையைத் தீயணைப்புத் துறையினர் பள்ளிக்கூடங்களில் செய்து காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே தத்துவம்தான். சாக்கு நன்றாக நனைந்து சொட்ட வேண்டும்.

மூடவே முடியவில்லை, திருகு உருகிவிட்டது என்றால்? அப்போது அணைக்காதீர்கள். எரியட்டும். வீட்டில் உள்ளவர்களை வெளியே கூட்டிவந்து, கீழ்மாடி மேல்மாடி ஆட்களையும் இறக்கி, 101-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கு என்றே 1906 என்ற எண் இரவு பகலும் இருக்கிறது. தீ இல்லாமல் வாசனை மட்டும் அடித்தால், சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து போன் செய்யுங்கள்.

இந்த லேபிளில் இல்லாத ஓர் எழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஃப் இல்லை, கே-யும் இல்லை. அதாவது எண்ணெய்ச் சட்டித் தீக்கு இந்தச் சிலிண்டர் செய்யப்படவில்லை. நம் பக்கத்தில் தேங்காய் எண்ணெயில்தான் நேந்திரங்காய் வறுக்கிறோம். அகலமான சட்டி, இரண்டு மூன்று லிட்டர் எண்ணெய். போன் வந்தது என்று அடுப்பை அணைக்காமல் வாசலுக்குப் போய்விடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் இருநூறு டிகிரிக்குள்ளேயே புகைய ஆரம்பிக்கும். அந்தப் புகைதான் எச்சரிக்கை. அதையும் தாண்டி முந்நூற்று ஐம்பது டிகிரியை ஒட்டிப் போனால், தீக்குச்சி இல்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும்.

அதில் பொடி அடித்தால் என்ன ஆகும்? பொடி வருகிற வேகம் சட்டி எண்ணெயை மேடையிலும் சேலையிலும் தெளித்துவிடும். சுவாலை ஒரு கணம் மறையும். எண்ணெயின் சூடு குறையாததால் மறுபடியும் பற்றும். தண்ணீர் ஊற்றினால் அதைவிட மோசம். எண்ணெய்க்கு அடியில் போகிற தண்ணீர் அந்த நொடியிலேயே ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும். செய்ய வேண்டியது இரண்டே காரியம். அடுப்பை மூடுங்கள். சட்டியைவிடப் பெரிய தட்டையோ மூடியையோ உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சரித்துத் தள்ளி மூடுங்கள். நேர் மேலேயிருந்து வைக்கப் போனால் கை வெந்துபோகும். மூடின பிறகு திறந்து பார்க்கக் கூடாது. அரைமணி நேரமாவது, சட்டி தொடுகிற சூட்டுக்கு வருகிற வரைக்கும், அப்படியே இருக்கட்டும். எரிகிற சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறவர்கள்தான் அதிகம் சுட்டுக்கொள்கிறார்கள். வறுக்கும்போது பெரிய மூடி ஒன்று மேடைமேல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதை வீட்டில் ஒரு வழக்கமாக்குங்கள்.

அடுத்து, லேபிளில் வரிசையாக நான்கு படம். ஊசியை இழு, குழாயை நீட்டு, பிடியை அமுக்கு, இடமும் வலமும் வீசு. படம் எளிது. ஆனால் நான் பயிற்சி கொடுக்கிற இடங்களில் பத்தில் ஏழு பேர் முதல் படத்திலேயே நிற்கிறார்கள். காரணம், சிலிண்டரைத் தூக்கும்போதே பதற்றத்தில் மேல்பிடியையும் கீழ்ப்பிடியையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துவிடுகிறார்கள். பிடி இறுகினால் ஊசி நடுவில் சிக்கிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் வராது. சிலிண்டரைத் தரையில் வையுங்கள். ஒரு கையால் கழுத்தைப் பிடியுங்கள், பிடியைத் தொடாதீர்கள். மற்றக் கையால் ஊசியின் வளையத்தை ஒரு சுற்றுத் திருகினால் மெல்லிய பிளாஸ்டிக் முத்திரை அறுந்துவிடும். பிறகு இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். உங்கள் மூன்றாம் மாடிச் சிலிண்டரில் அந்த முத்திரைக்குப் பதிலாக யாரோ தடித்த கேபிள் டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் செய்திருப்பார்கள். ஆனால் அதைக் கையால் அறுக்க முடியாது. போட்டோவில் தெரிகிறது பாருங்கள், கறுப்பாக. அதை இன்றைக்கே வெட்டிவிட வேண்டும்.

இரண்டாவது படம், குழாயை நீட்டு. எங்கே நீட்ட வேண்டும் என்பதைப் படத்தில் அம்புக்குறியால் காட்டியிருக்கிறார்கள்: தீயின் அடியில். கண்ணுக்குத் தெரிகிற உயரமான சுவாலையில் அடித்தால் பொடி அதனூடே போய்விடும். எரிகிற பொருள் கீழேதான் இருக்கிறது. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று தொடங்குங்கள். அடங்க அடங்க முன்னே போங்கள். வெளியே என்றால் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். பகலில் இங்கே கடற்காற்று தெற்கிலிருந்து அடிக்கிறது; கார் நிறுத்துகிற இடத்தில் தீப்பிடித்தால் கடல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். உள்ளே என்றால் வாசல் உங்கள் முதுகுப் பக்கம். தீக்கும் வாசலுக்கும் நடுவில் நீங்கள். இதை எந்த லேபிளும் வரைவதில்லை.

இனி நேரம். ஆறு கிலோ பொடி முழுவதும் வெளியே வர எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டால், ஐந்து நிமிஷம் என்பார்கள், இரண்டு நிமிஷம் என்பார்கள். பத்திலிருந்து இருபது வினாடிக்குள் தீர்ந்துவிடும். நான் இப்போது ஒன்று, இரண்டு என்று பதினைந்து வரை எண்ணுகிறேன். நீங்களும் மனதில் எண்ணுங்கள். அவ்வளவுதான் உங்கள் கையில் இருப்பது. ஆகவே ஊசியை இழுப்பதற்கு முன்பே யாரையாவது 101-க்குப் போன் செய்யச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சிலிண்டர் குப்பைத் தொட்டி அளவுத் தீக்கு. அறையின் கூரையில் புகை திரண்டு இறங்க ஆரம்பித்தால் சிலிண்டரைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுங்கள். எண்களைப் பார்த்தாலும் இது புரியும். ஏ, பி எழுத்துகளுக்கு முன்னால் ஒரு எண் இருக்கிறதே, அது சோதனைக்கூடத்தில் அது அணைத்துக் காட்டிய தீயின் அளவு. பி-க்கு முன்னால் இருப்பது சோதனைத் தட்டில் ஊற்றிய திரவத்தின் லிட்டர் கணக்கு. எண் பெரிதானால் சக்தி பெரிது. சி-க்கு முன்னால் எண் இராது. வாயுவுக்கு அந்த அளவுகோல் இல்லை.

லேபிளின் அடிப்பகுதிக்கு வருகிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதற்கு மேலே ஐ.எஸ். 15683, கீழே உரிம எண். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. தயாரித்த தேதி 2019 மார்ச். பொடிச் சிலிண்டருக்கு ஐ.எஸ். 2190 சொல்கிற ஆயுள் 10 ஆண்டு. ஆக உடல் இன்னும் தாங்கும். அதற்கு மேலே ஒட்டியிருக்கிற மறுநிரப்புச் சீட்டுதான் எனக்கு உறுத்தியது. அடுத்து நிரப்ப வேண்டிய தேதி எப்போதோ தாண்டிவிட்டது. அந்தச் சீட்டுக்கு அடியில் இன்னொரு சீட்டின் ஓரம் தெரிகிறது. பழைய சீட்டைக் கிழிக்காமல் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். பொடியை மாற்றாமல் சீட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போகிற ஆட்களை இந்தத் தொழிலில் நான் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிரப்ப வருகிறவரிடம், உங்கள் முன்னால் வைத்துத் தலையைக் கழற்றச் சொல்லுங்கள். பழைய பொடியைக் கொட்டிக் காட்டட்டும். மாவுபோல் ஓட வேண்டும்; கட்டிகட்டியாக விழுந்தால் ஈரம் ஏறிவிட்டது, அந்தப் பொடி குழாயில் அடைக்கும்.

அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறது, நல்லது. உள்ளே நைட்ரஜன் சுமார் 15 பார் அழுத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். முள் பச்சையில் இருப்பதால் பொடி நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. முள் அழுத்தத்தை மட்டும்தான் காட்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே இராது. அதை எடைபோட்டுத்தான் பார்க்க வேண்டும். உடலில் குத்தியிருக்கிற எடையோடு ஒப்பிட்டு, வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அனுப்பிவிட வேண்டும்.

வேலை செய்கிறதா பார்ப்போம் என்று யாரும் ஒரு வினாடி அடித்துப் பார்த்துவிடாதீர்கள். பொடி வால்வின் ரப்பர் இருக்கையில் நான்கு துகள் மாட்டிக்கொள்ளும். வால்வு முழுசாக மூடாது. முள் அன்றைக்குப் பச்சையில்தான் நிற்கும். மெல்ல மெல்லக் கசிந்து, சில நாளில் சிவப்புக்கு இறங்கிவிடும். சிறிது பயன்படுத்தினாலும் முழுசாக நிரப்ப வேண்டும் என்று லேபிளில் இருப்பது வியாபாரத்துக்காக எழுதினது இல்லை, இதற்காகத்தான்.

கடைசியாக, போட்டோவில் வராத ஒன்று. போன வாரம் நேரில் வந்து அந்தச் சிலிண்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பளபளவென்று இருக்கிறது. அடிவிளிம்பில், சுவரைப் பார்த்த பக்கம், பெயின்ட் பொரிந்து எழும்பியிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், செம்பழுப்பாகத் துரு உதிர்ந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் இது. உப்புக் காற்று சுவரோரம் தங்கி, அடியில்தான் முதலில் அரிக்கும். 15 பார் அழுத்தம் தாங்க வேண்டிய இரும்பு அது. லாரி டயரைப்போல் இரண்டு மடங்கு. மேலோட்டமான துரு என்றால் தேய்த்துப் பெயின்ட் அடித்து, தண்ணீர் அழுத்தச் சோதனை செய்து திரும்ப மாட்டலாம். குழி விழுந்திருந்தால் ஆயுள் மிச்சம் இருந்தாலும் கழித்துவிட வேண்டும். அமுக்கும்போது அடி பிளந்தால் அது உங்கள் காலடியில்தான் பிளக்கும்.

அந்தச் சிலிண்டரை நான் என் வண்டியில் எடுத்துப் போகிறேன். சோதனையில் தேறினால் இரண்டு நாளில் புதுப் பொடியோடு வரும். தேறாவிட்டால் சங்கத்தாரிடம் உடலைக் காட்டிவிட்டுச் சொல்கிறேன். அதுவரைக்கும் மூன்றாம் மாடியில் என் மாற்றுச் சிலிண்டர் ஒன்று தொங்கும். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஒவ்வொருவரும் உங்கள் மாடிச் சிலிண்டர் முன்னால் ஒரு நிமிஷம் நின்று, சி பக்கத்தில் இருப்பது பர்னரா, பிளக்கா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பிறகு அதைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். துரு கையில் ஒட்டினால், போட்டோ எடுத்து உங்கள் பொருளாளருக்கு அனுப்புங்கள்.